ஏழு தொட்டி, ஏழு கேள்வி

வீடு கட்டும் இடத்தில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். கொத்தனார் நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தன் கையில் பிடித்துக்கொள்வார். மறுமுனையை இன்னொருவர் அடுத்த அறைக்குக் கொண்டுபோய்ச் சுவரோடு ஒட்டிப் பிடிப்பார். நடுவில் குழாய் எத்தனை முறை வளைந்து நெளிந்து கிடந்தாலும் கவலையில்லை. இரண்டு முனைகளிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டால், இரண்டு அறைகளுக்கும் ஒரே மட்டம் கிடைத்துவிடும்.

இந்தக் கொத்தனார் வித்தையை ஒரே விதியாக எடுத்துக்கொண்டு உருவானதுதான் 'அக்வேரியம்' புதிர். சுடோகு மாதிரி எண்களைக் கட்டத்துக்குள் எழுதும் வேலை இதில் இல்லை. தொட்டிகளில் தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். எந்தத் தொட்டியில் எவ்வளவு என்பதை ஓரத்தில் இருக்கும் எண்களிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும்.

விதி என்ன?

சதுரக் கட்டங்கள் கொண்ட பலகை ஒன்று. அது பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு மீன்தொட்டி. எந்தத் தொட்டியையும் காலியாக விடலாம், முழுக்க நிரப்பலாம், பாதியில் நிறுத்தலாம். ஆனால் தண்ணீர் கீழிருந்துதான் ஏறும். ஒரு தொட்டிக்குள் ஒரு கட்டத்தில் தண்ணீர் இருந்தால், அதே தொட்டியில் அதற்குக் கீழே இருக்கும் வரிசைகள் எல்லாம் நிறைந்திருக்க வேண்டும். அதே வரிசையில் அந்தத் தொட்டிக்குச் சொந்தமான மற்றக் கட்டங்களும் நிறைந்திருக்க வேண்டும்.

பலகையின் இடப்பக்கம் இருக்கும் எண், அந்த வரிசையில் மொத்தம் எத்தனை கட்டங்களில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும். மேலே இருக்கும் எண், அந்த நெடுவரிசைக்கு அதே கணக்கைச் சொல்லும்.

கீழே இருப்பது இந்தக் கட்டுரைக்காகப் போட்ட 6க்கு 6 புதிர். ஒரே எழுத்து இருக்கும் கட்டங்கள் எல்லாம் ஒரே தொட்டி. க, ச, ட, த, ப, ம, ர என்று மொத்தம் ஏழு தொட்டிகள்.

```
        2  1  3  4  4  3
    1   க  க  ச  ச  ச  ட
    4   க  ச  ச  ட  ட  ட
    3   க  த  ச  த  ட  ப
    3   ம  த  த  த  ப  ப
    3   ம  ம  ர  ர  ர  ப
    3   ம  ம  ம  ர  ப  ப
```

இதில் 'த' தொட்டியைக் கவனியுங்கள். மூன்றாம் வரிசையில் அதற்கு இரண்டு கட்டங்கள். ஆனால் இரண்டும் ஒட்டியில்லை. நடுவில் 'ச' நுழைந்திருக்கிறது. நான்காம் வரிசையில்தான் இரண்டும் அடியில் சேர்கின்றன. கொத்தனாரின் குழாயும் இதே வடிவம்தான். ஒரு கையில் தண்ணீர் ஏறினால் மறு கையிலும் ஏறியே தீரும்.

முதல் எண் ஐந்து கட்டங்களைத் தருகிறது

வரிசை எண்களைப் படிக்கும்போது சில்லறை கொடுப்பதை நினைத்துக்கொள்வது உதவும். முதல் வரிசையில் க தொட்டிக்கு 2 கட்டங்கள், ச தொட்டிக்கு 3, ட தொட்டிக்கு 1. ஒரு தொட்டியின் கட்டங்கள் ஒரே வரிசையில் சேர்ந்தே நிறையும், சேர்ந்தே காலியாக இருக்கும். ஆகவே இவை 2, 3, 1 என்ற மூன்று நாணயங்கள். எதையும் உடைக்க முடியாது. இவற்றைக்கொண்டு 1 கொடுக்க வேண்டும். ட தவிர வேறு வழியில்லை.

ட தொட்டியின் உச்சியில் தண்ணீர் வந்துவிட்டது என்றால் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் ஏற்கெனவே நிறைந்தாயிற்று. இரண்டாம் வரிசையில் மூன்று, மூன்றாம் வரிசையில் ஒன்று. 1 என்ற ஓர் எண்ணைப் படித்து ஐந்து கட்டங்களை நிரப்பிவிட்டோம். க, ச இரண்டின் உச்சியிலும் காற்று என்பதும் தெரிந்துவிட்டது. அவற்றில் சிறு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மட்டும் குறித்துக் காற்றைக் குறிக்காமல் விடுபவர்கள் பாதி வழியில் திணறுவார்கள். தண்ணீர் கீழ்நோக்கிச் செய்தி சொல்வது போலக் காற்று மேல்நோக்கிச் செய்தி சொல்லும். ஒரு கட்டத்தில் காற்று என்றால் அந்தத் தொட்டியில் அதற்கு மேலே எல்லாமே காற்று.

இரண்டாம் வரிசைக்கு 4 வேண்டும். ட மூன்றைக் கொடுத்துவிட்டது. மிச்சம் 1. கையில் இருப்பது க என்ற ஒற்றை நாணயமும், ச என்ற இரட்டை நாணயமும். ஆகவே க நிறைகிறது, மூன்றாம் வரிசையிலும் சேர்த்து. ச இங்கே காற்று.

மூன்றாம் வரிசைக்கு 3 வேண்டும். க ஒன்று, ட ஒன்று, ஆக 2 கிடைத்துவிட்டது. மிச்சம் 1. அதைச் ச கொடுக்கலாம், ப கொடுக்கலாம். த கொடுக்க முடியாது. அது கொடுத்தால் இரண்டாகத்தான் கொடுக்கும். ச தொட்டியா, ப தொட்டியா என்பது இப்போதைக்குத் தெரியாது. இங்கே ஊகித்து எழுதிவிடாமல் அப்படியே விட்டுவிட்டு நகர வேண்டும்.

அடிவரிசை என்ன சொல்கிறது?

புதிதாகப் போடுபவர்கள் மேலிருந்து கீழே வரிசையாக வந்துகொண்டே இருப்பார்கள். பழகியவர்கள் நின்றுபோனால் தொட்டிகளின் தரையைப் பார்ப்பார்கள். காரணம் எளிது. ஒரு தொட்டியில் எந்த உயரத்தில் தண்ணீர் இருந்தாலும் அதன் தரை நனைந்திருக்கும். ஆகவே தரை இருக்கும் வரிசையின் எண், அந்தத் தொட்டியில் தண்ணீர் உண்டா இல்லையா என்ற கேள்விக்கே பதில் வைத்திருக்கிறது.

நம் ஆறாம் வரிசையில் ம 3, ர 1, ப 2. கொடுக்க வேண்டியது 3. ம தனியாகக் கொடுக்கலாம், அல்லது ரவும் பவும் சேர்ந்து கொடுக்கலாம். எது சரி என்று இன்னும் தெரியாது. ஆனால் ஒன்று நிச்சயம்: மவும் பவும் இரண்டுமே நனைந்திருக்க முடியாது. இருந்தால் 5 ஆகிவிடும். இரண்டில் ஒன்று சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத வெறும் தொட்டி.

பாதி விடைதான் இது. ஆனால் மேலே இருக்கும் இரண்டு முடிச்சுகளை இது அவிழ்த்துவிடும்.

நான்காம் வரிசையில் ம 1, த 3, ப 2. 3 கொடுக்க இரண்டு வழிகள்: த தனியாக, அல்லது ம, ப சேர்ந்து. இரண்டாவது வழிக்கு இரண்டு தொட்டிகளிலும் தண்ணீர் வேண்டும். அடிவரிசை அதை அனுமதிக்கவில்லை. ஆகவே த. ப இங்கே காற்று என்பதால் அதற்கு மேலே மூன்றாம் வரிசையிலும் காற்று. அங்கே நாம் விட்டுவந்த கேள்விக்குப் பதில் தானாக வந்துவிட்டது: அந்த மிச்சம் ஒன்றைக் கொடுப்பது ச.

ஐந்தாம் வரிசையில் ம 2, ர 3, ப 1. மறுபடியும் அதே கதை. ர தனியாக 3, அல்லது ம, ப சேர்ந்து 3. சேர்க்கை நடக்காது என்பதால் ர. ர ஐந்தாம் வரிசையில் நிறைந்தால் ஆறாம் வரிசையில் இருக்கும் அதன் ஒற்றைத் தரைக் கட்டமும் நிறையும். அப்படியானால் ஆறாம் வரிசையின் 3 என்பது ர, ப சேர்ந்த கணக்கு. ம வெறும் தொட்டி.

```
        2  1  3  4  4  3
    1   ·  ·  ·  ·  ·  ■
    4   ■  ·  ·  ■  ■  ■
    3   ■  ·  ■  ·  ■  ·
    3   ·  ■  ■  ■  ·  ·
    3   ·  ·  ■  ■  ■  ·
    3   ·  ·  ·  ■  ■  ■
```

நெடுவரிசை: வெட்டிப் பார்க்கும் கத்தி

மேலே இருக்கும் எண்களை நாம் ஒருமுறைகூடத் தொடவில்லை. ஆனால் அவற்றில் ஒரு குறுக்குவழி இருந்தது. ஆறாம் நெடுவரிசையைப் பாருங்கள். மேல் இரண்டு கட்டங்கள் ட, கீழ் நான்கும் ப. எண் 3. ட இரண்டையும் நிரப்பிய பிறகு மிச்சம் 1. அது நான்கு கட்டங்களில் எங்கே இருக்கும்? தண்ணீர் கீழிருந்துதான் ஏறும் என்பதால் அடிக்கட்டத்தைத் தவிர வேறு இடமே இல்லை. ப தொட்டியின் மட்டம் ஒரே அடியில் தெரிந்துவிட்டது.

வரிசையையும் நெடுவரிசையையும் வேறுவேறு விதமாகப் படிக்க வேண்டும் என்பது இதனால்தான். வரிசையில் ஒரு தொட்டி முழு நாணயம். உண்டு அல்லது இல்லை. நெடுவரிசையில் அதே தொட்டி நிற்கவைத்த டம்ளர் மாதிரி. எண்ணைப் பார்த்து மட்டத்தை அளக்கலாம். ஒரு நெடுவரிசையில் இரண்டே தொட்டிகள் இருந்து, ஒன்றின் மட்டம் தெரிந்துவிட்டால், மற்றதன் மட்டம் கழித்தல் கணக்குதான்.

பெரிய பலகைகளில் இன்னொரு பழக்கமும் உதவும். இணையத்தில் பொதுவாகக் கிடைப்பவை 6, 10, 15 கட்ட அளவுகள். 15 கட்ட வரிசை ஒன்றில் எண் 13 என்று இருந்தால் தண்ணீரை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். காற்றை எண்ணுங்கள், 2 மட்டும்தான். அந்த வரிசையில் இரண்டுக்கும் அதிகமான கட்டங்கள் கொண்ட தொட்டி எதுவாக இருந்தாலும் அது காலியாக இருக்க முடியாது. யோசிக்காமல் நிரப்பலாம்.

தப்பு எப்படித் தெரியும்?

இந்தப் புதிரில் அதிகம் நடக்கும் தவறு, இரண்டு கைத் தொட்டியில் ஒரு கையை மட்டும் நிரப்புவது. நம் மூன்றாம் வரிசையில் மிச்சம் 1 வேண்டும் என்று வந்தபோது, த தொட்டியின் வலக்கையில் மட்டும் தண்ணீர் ஊற்றிவிட்டதாக வைத்துக்கொள்வோம். வரிசைக் கணக்கு 3 சரியாக வந்துவிடும். மற்ற வரிசைகளும் ஒழுங்காகவே முடியும். ஆனால் கடைசியில் மேல் எண்களைச் சரிபார்த்தால், நான்காம் நெடுவரிசையில் 4க்குப் பதில் 5 இருக்கும். மூன்றாம் நெடுவரிசையில் 3க்குப் பதில் 2 இருக்கும்.

ஒரு நெடுவரிசையில் ஒன்று கூடி, இன்னொன்றில் ஒன்று குறைந்து, வரிசைகள் எல்லாம் சரியாக இருந்தால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டாம். ஏதோ ஒரு வரிசையில் ஒரு கட்டம் பக்கவாட்டில் இடம் மாறியிருக்கிறது. கூடிய நெடுவரிசையில் தண்ணீரும் குறைந்த நெடுவரிசையில் காற்றும் இருக்கும் வரிசைகளை மட்டும் பார்த்தால் போதும். அதில் பிரிந்து நிற்கும் கை கொண்ட தொட்டி இருக்கும் வரிசையை முதலில் சந்தேகப்படுங்கள்.

தொடங்கும் முன்பே பார்க்கக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. இடப்பக்க எண்களின் கூட்டல் 17. மேல் எண்களின் கூட்டலும் 17. இரண்டும் அதே கட்டங்களை எண்ணுவதால் சமமாகத்தான் இருக்க வேண்டும். கையால் பெயர்த்தெழுதிய புதிரில் இது பொருந்தாவிட்டால், எழுதியதில்தான் பிழை.

இயற்பியல் தெரிந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தலைகீழாகக் கவிழ்த்த U வடிவத் தொட்டி வரும்போது உங்கள் அறிவு உங்களை ஏமாற்றும். உண்மையான தொட்டியில் இரண்டு கால்களும் அடியில் சேரவில்லை என்றால் ஒன்றில் அதிகமும் மற்றதில் குறைவும் இருக்கலாம். இந்தப் புதிர் அதை ஏற்பதில்லை. ஒரு தொட்டிக்கு அதன் முழு அகலத்துக்கும் ஒரே மட்டம் என்பதே விதி. எங்கே சேர்கிறது என்ற கேள்வி இல்லை. கொத்தனாரின் குழாய் நேராக இருந்தாலும் கவிழ்ந்திருந்தாலும் இங்கே வேலை செய்யும்.

எண்கள் மட்டும் போதாதா?

ஓரத்து எண்களே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றால் தொட்டிகள் எதற்கு? 2க்கு 2 பலகையை எடுத்துக்கொள்வோம். நான்கு எண்களும் 1. இடப்பக்க மேல் கட்டத்தையும் வலப்பக்கக் கீழ்க் கட்டத்தையும் நிரப்பலாம். அல்லது எதிர் மூலைவிட்டத்தை நிரப்பலாம். இரண்டுக்கும் எண்கள் ஒன்றே. எண்களை மட்டும் பார்த்து எது சரி என்று சொல்லவே முடியாது.

அமெரிக்கக் கணிதவியலாளர் ரைசர் 1957இல் இதைப் பற்றி ஓர் அழகான முடிவை நிறுவினார். ஒரே ஓர எண்களுக்குப் பொருந்தும் இரண்டு நிரப்பல்கள் எவ்வளவு வேறுபட்டுத் தெரிந்தாலும், இந்த மூலைவிட்டப் புரட்டலை மட்டுமே திரும்பத் திரும்பச் செய்து ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்விடலாம். அதாவது, ஓர எண்களில் இருக்கும் குழப்பம் முழுவதும் இந்த ஒரு சிறு புரட்டலிலிருந்து பிறக்கிறது.

தொட்டிச் சுவர்கள் அந்தப் புரட்டலைத்தான் தடுக்கின்றன. அதே 2க்கு 2 பலகையில் இடப்பக்கம் நிமிர்ந்த தொட்டி ஒன்று, வலப்பக்கம் நிமிர்ந்த தொட்டி ஒன்று என்று வைத்துப் பாருங்கள். மேல் கட்டம் நிறைந்து கீழ்க் கட்டம் காலியாக இருப்பது இனி நடக்காது. மூலைவிட்டமே சாத்தியமில்லை. மாறாக, நான்கு கட்டங்களும் நான்கு தனித்தொட்டிகள் என்றால் குழப்பம் அப்படியே திரும்பி வந்துவிடும். புதிர் தயாரிப்பவர் பயப்படுவது இதற்குத்தான். ஒற்றைக் கட்டத் தொட்டிகளை நிறையத் தூவினால் எங்காவது இரண்டு விடைகள் வந்துவிடும். இரண்டு விடைகள் இருந்தால் தர்க்கத்தால் போட வந்தவர் ஓரிடத்தில் நாணயம் சுண்டிப்பார்க்க வேண்டிவரும். அது புதிரின் தோல்வி.

சுவர்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதை எண்ணிக்கையாகவும் பார்க்கலாம். 36 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் தண்ணீர் அல்லது காற்று. சுவர்களே இல்லையென்றால் 36 முறை இரண்டைப் பெருக்க வேண்டும். 6,871 கோடிக்கும் அதிகமான நிரப்பல்கள். சுவர்கள் வந்ததும் கணக்கு மாறுகிறது. க தொட்டி மூன்று வரிசை உயரம். அதற்கு நான்கே நிலைகள், காலியும் மூன்று மட்டங்களும். ச, ட, ம மூன்றுக்கும் அதே நான்கு. த, ர இரண்டுக்கும் மூன்று. நான்கு வரிசை உயரமான ப தொட்டிக்கு ஐந்து. எல்லாவற்றையும் பெருக்கினால் 11,520தான்.

ஆகவே நம் முன்னால் 36 கேள்விகள் இருந்ததாகத் தோன்றியது பிரமை. இருந்தவை ஏழு: இந்தத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு உயரம்? கட்டம் கட்டமாக யோசிப்பவருக்குக் கடினமாகவும், தொட்டி தொட்டியாக யோசிப்பவருக்கு எளிதாகவும் இதே புதிர் தெரிவது அதனால்தான். பெரிய பலகையில் எல்லா வழியும் அடைந்துபோனாலும் கேட்க வேண்டியது ஒரு தொட்டியைப் பற்றிய கேள்விதான். உயரமான தொட்டி ஒன்றை எடுத்து, 'இது உச்சிவரை நிறைந்தால் என்ன ஆகும்?' என்று தொடர்ந்து பாருங்கள். உயரமான தொட்டி பல வரிசைகளைத் தொடுவதால், பொய்யான ஊகம் ஏதாவது ஒரு வரிசையில் எண்ணை மீறிச் சீக்கிரம் அகப்பட்டுக்கொள்ளும். மீறினால், உச்சியில் காற்று என்பது நிச்சயம்.

இனி உங்கள் முறை. அதே ஏழு தொட்டிப் பலகையை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். மேல் எண்களை எழுத வேண்டாம். அவை இல்லாமலே விடை ஒன்றுதான். இடப்பக்க எண்களை மட்டும் மேலிருந்து கீழாக 3, 4, 4, 4, 3, 6 என்று மாற்றி எழுதுங்கள். முதல் வரிசையின் 3க்கு இரண்டு வழிகள் இருப்பதைப் பார்த்து அங்கே நின்றுவிடாதீர்கள். முடித்ததும் 24 கட்டங்களில் தண்ணீர் இருக்கும். ஏழு தொட்டிகளில் ஒன்று மட்டும் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வறண்டு கிடக்கும்.